தாலாட்டா, காகக் கதையா, மலைப்பாட்டா: கொழும்பில் எதைப் பதிவு செய்வது?

ஒவ்வொரு ஆண்டும் தமிழ் படிக்கும் பிள்ளைகள் நாட்டார் வழக்காற்று ஒப்படைக்கு ஒரு தலைப்பைத் தேடி என்னிடம் வருவார்கள். ஆறு வாரத்துக்குள் பாட்டையோ கதையையோ பதிவு செய்து, எழுதி, பொருள்வாரியாகப் பிரிக்க வேண்டும். கொழும்பில் இருந்துகொண்டு இதைச் செய்வது கஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வெள்ளவத்தையில் ஒரே மாடிக்குடியிருப்பில் யாழ்ப்பாணத்து அம்மம்மாவும் மட்டக்களப்பு அம்மம்மாவும் இருப்பார்கள். கொட்டாஞ்சேனைக்குப் போனால் மலையகத்து ஹட்டனில் பிறந்து வளர்ந்தவர்களைச் சந்திக்கலாம். மூன்று பிரதேசத்துப் பாட்டையும் ஒரே நாளில் பஸ்ஸில் போய்க் கேட்டுவிடலாம். அதனால் ஆள் கிடைப்பாரா என்பதைவிட, எந்த வகையை எடுத்தால் பொருள்வாரிப் பகுப்பு நிற்கும் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

பலரும் முதலில் சொல்வது கதை. கதைக்கு ஆயத்தமான எண் முறை இருப்பது உண்மைதான். ஆய்வாளர் ஆர்னே 1910இல் தொடங்கி, பின்வந்த தாம்சன் விரித்து, உத்தர் 2004இல் திருத்திய கதைவகை அட்டவணையில் நம் காகம், நரி, வடைக் கதைக்கு 57ஆம் எண். ஐரோப்பாவில் காகத்தின் வாயில் இருப்பது பாற்கட்டி, இங்கே பாட்டி சுட்ட வடை. எண் ஒன்றுதான். ஆனால் கொழும்பில் இந்தக் கதையைப் பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பேரும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்ததையே சொல்வார்கள். எண்ணை ஒட்டியதும் வேலை முடிந்துவிடும், மாணவர் தானாகப் பகுத்தது எதுவும் இருக்காது. ஊர்ப் பேய்க் கதை, முனிக் கதை என்று போனால் அந்த அட்டவணை உதவாது, ஏனென்றால் அது நடந்ததாக நம்பிச் சொல்லப்படும் கதைகளுக்காகச் செய்யப்பட்டதல்ல. போதாததற்கு, பத்து நிமிடக் கதையைக் கேட்டபடியே எழுத ஒரு பின்னேரம் முழுவதும் போய்விடும். முதல் முறை செய்பவருக்கு நான் கதையைக் கொடுப்பதில்லை.

ஒப்பாரியையும் சிலர் கேட்பார்கள். செத்த வீட்டில் போனை நீட்டுவதை நான் அனுமதிப்பதில்லை. வேறொரு நாள் பாடச் சொன்னால் பெரும்பாலானவர்கள் மறுப்பார்கள். வீட்டுக்குள் அந்தப் பாட்டைச் சும்மா பாடக்கூடாது என்பது அவர்களுடைய நம்பிக்கை, அதை மதிக்க வேண்டும்.

மிஞ்சுவது தாலாட்டும் மலையகப் பாட்டும். என் தேர்வு பெரும்பாலும் தாலாட்டு. கேட்டவுடன் பாடுவார்கள், பாட்டும் சிறியது. ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு மாணவி இருபத்தைந்து தாலாட்டுகளைப் பதிவு செய்து வந்தாள். இருபத்து மூன்று ‘தாய்ப்பாசம்’ என்ற ஒரே தலைப்புக்குள் போயிருந்தன. ஒரு தலைப்பு எல்லாவற்றையும் விழுங்கினாலோ, ‘மற்றவை’ என்ற பகுதி ஊதிப்போனாலோ பகுப்பு பிழைத்துவிட்டது என்று அறியலாம்.

பிழை அவள் எடுத்த அலகில் இருந்தது. முழுப் பாட்டையும் ஒரே துண்டாக எடுத்திருந்தாள். தாலாட்டு என்பது கண்ணி கண்ணியாகக் கோர்த்த மாலை. பாடுபவர் நினைவில் இருக்கும் கண்ணிகளைக் குழந்தை தூங்கும் வரை எந்த ஒழுங்கிலும் எடுத்துவிடுவார். அதனால் ஒவ்வொரு கண்ணியையும் தனி அட்டையில் எழுதச் சொன்னேன். வெள்ளவத்தை அம்மம்மா ஒருவர் பாடிய பதினான்கு கண்ணிகளில் இரண்டு ‘ஆராரோ ஆரிரரோ’ என்ற அசை மட்டும், ஆறு தாய்மாமன் சீர், நான்கு தெய்வம், இரண்டு ஊரில் இல்லாத தகப்பன். அதே மாணவி, அதே பாட்டு, ஆனால் இப்போது பேசுவதற்கு விஷயம் இருந்தது.

‘மாமன் அடித்தானோ மல்லிகைப்பூச் செண்டாலே’ என்ற அடியை எல்லாருக்கும் தெரியும். அதை இன்னொரு மாணவன் ‘தண்டனை’ என்று எழுதினான். பூச்செண்டால் அடிப்பது அடியே அல்ல. ‘யார் அடித்தார்’ என்று கேட்கும் சாக்கில் உறவுகளை ஒவ்வொருவராக அழைத்து, தன் பிறந்த வீட்டுச் சகோதரனின் பெருமையைத் தாய் பாடுகிறாள். அது உறவுத் தலைப்புக்குள் போக வேண்டும். வினைச்சொல்லைப் பார்த்துத் தலைப்பு வைத்தால் இப்படித்தான் வழி தவறும். இதைப் பிடிக்க, இருபது அட்டைகளை இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் பிரிக்கட்டும். முரண்படும் அட்டைகளே தலைப்பின் வரையறை எங்கே தளர்ந்திருக்கிறது என்று காட்டும்.

தாலாட்டில் இன்னொரு தொல்லை சினிமாப் பாட்டு. அம்மம்மாக்கள் அறியாமலே கலந்துவிடுவார்கள். அரை மணித்தியாலம் வேறு கதைத்துவிட்டு மறுபடி பாடச் சொல்லுங்கள். கண்ணிகள் இடம் மாறி, ஒன்றிரண்டு விடுபட்டு, புதியது வந்தால் அது வாய்மொழி. சொல்லும் ஒழுங்கும் அச்சுப் பிசகாமல் வந்தால் வானொலியில் கேட்டதாக இருக்கும் வாய்ப்பு அதிகம். அதையும் எறிய வேண்டாம், தனிக் குறியிட்டு வையுங்கள்.

மலையகப் பாட்டு இதைவிடக் கனமானது. ‘கோப்பிக் கன்னு போட்ட மலை, அண்ணனைத் தோத்த மலை, அந்தா தெரியுது பார்’ என்ற அடிகளை எடுங்கள். 1869இல் இலங்கையில் கோப்பி இலையில் பூஞ்சண நோய் கண்டது, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்துவிட்டது. கொழுந்து எடுத்து வாழ்ந்த பேத்திகளின் வாயில் கோப்பி இன்னும் இருக்கிறது. ஆகவே பொருளோடு காலமும் ஒரு தலைப்பாகிறது. தாலாட்டில் கிடைக்காத பேறு இது. ஆனால் அதே காரணத்தால் ஒரே அடி உழைப்புக்கும் இழப்புக்கும் இடத்துக்கும் சேர்கிறது. ஒரு அட்டைக்கு ஒரு தலைப்பு என்ற விதி உடைந்துவிடும். முதன்மைத் தலைப்பு ஒன்று, துணைத் தலைப்பு இரண்டு வரை என்று வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். தாலாட்டில் ஒரு முறை பழகியவருக்கே இதைக் கொடுப்பேன்.

எதை எடுத்தாலும் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பச் சொல்லாதீர்கள், ஒலி நசுங்கிவிடும். போனில் `WAV` வடிவில் மோனோவாகப் பதிந்தால் ஒரு நிமிடம் ஏறக்குறைய 5 மெகாபைட் எடுக்கும், அதற்கு இடம் ஒதுக்குங்கள். பாடகரிடம் அனுமதி கேட்டபின், தேதி, இடம், அவர் பிறந்த ஊர் ஆகியவற்றை நீங்களே முதலில் பேசிப் பதியுங்கள். வெள்ளவத்தையில் கடற்கரை ரயிலும் காலி வீதி இரைச்சலும் இருக்கும், உள்ளறைக்குப் போங்கள். புழுக்கமாக இருந்தாலும் பாடும் நேரத்துக்கு மின்விசிறியை நிறுத்துங்கள்.

கொட்டாஞ்சேனைப் பதிவு ஒன்றில் அதை நிறுத்த மறந்தார்கள். மாணவி மேற்படி அடியை ‘அண்ணனைப் பாத்த மலை’ என்று எழுதி, ‘உறவினர் சந்திப்பு’ என்று பிரித்திருந்தாள். இரண்டாவது முறை போய், எழுதியதை ஹட்டன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். அவர் நடுவிலேயே மறித்தார்.

“இல்ல புள்ள, பாத்த இல்ல, தோத்த. அண்ணன அங்கதான் பறிகொடுத்தாங்க.”

அட்டை சந்திப்பிலிருந்து இழப்புக்குப் போனது.