ஓனர் போனில் சொன்ன "சரி"யை நம்பி மூன்று மாத அட்வான்ஸ் போச்சு

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வாடகை வீட்டில் இன்னொருவரைச் சேர்க்கப் போகிறவர்கள் படியுங்கள். என்ன செய்யவேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

இது தெரிந்த ஒருவருக்கு நடந்தது. வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் மட்டும். பாதி வாடகை மிச்சமாகுமே என்று, அறைத்தோழர் தேடித் தரும் ஓர் ஆப்பில் ஆள் பிடித்தார். ஓனருக்குப் போன் போட்டார். "சரி சரி, வரட்டும்" என்றார் ஓனர். நல்ல மனிதர், வாக்குத் தவறமாட்டார் என்று இவரும் விட்டுவிட்டார். எல்லாம் கெட்டது அந்த நிமிடத்தில்தான்.

வந்தவர் நான்கு மாதம் தன் பாதியைத் தரவில்லை. அதாவது இரண்டு மாத முழு வாடகை பாக்கி. குளியலறைக் கதவை உடைத்தது, கரண்ட் பில் எல்லாம் சேர்த்து இன்னொரு மாத வாடகை. மொத்தம் மூன்று மாத வாடகை, அட்வான்ஸிலிருந்து அப்படியே கழிக்கப்பட்டது.

வந்தவரைக் கேட்டால், "நீங்க என்ன ஓனரா?" ஆப்பைக் கேட்டால், "அறிமுகம் செய்வதோடு எங்கள் வேலை முடிந்தது." ஓனரோ, "நாலு நாள் விருந்தாளின்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு, அனுமதியில்லாமல் ஆள் வைத்ததாக நோட்டீஸும் அனுப்பினார்.

கோபம் வருகிறது, ஆனால் ஓனர் கையில்தான் காகிதம் இருக்கிறது. ஒப்பந்தம் ஓனருக்கும் இவருக்கும் இடையில்தான். வந்தவருக்கும் ஓனருக்கும் எந்த உறவும் இல்லை, அதனால் ஓனர் வாடகையையும் சேதத்தையும் இவரிடம்தான் கேட்பார். தங்கிப் போகும் விருந்தாளி வேறு, குடியிருக்கும் ஆள் வேறு, காசு வாங்கி உள்வாடகைக்கு விடுவது வேறு. போனில் சொன்ன "சரி" இதில் எதற்கு என்று எப்படி நிரூபிப்பது? மாற்றம் எதுவானாலும் எழுத்தில்தான் செல்லும் என்று பல ஒப்பந்தங்களிலேயே ஒரு வரி இருக்கும். யாரும் படிப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எழுத்தில் சம்மதம் வாங்கினாலும் உங்கள் பொறுப்பு தானாகக் குறையாது. புதியவரும் கையெழுத்திட்டு, அவர் பங்குக்கு அவரே பொறுப்பு என்று ஓனரும் ஒப்புக்கொண்டால்தான் குறையும். வெறும் சம்மதம், ஒப்பந்த மீறல் என்ற நோட்டீஸிலிருந்து காப்பாற்றும், அவ்வளவே. இவரிடம் அதுகூட இல்லை.

சரி, அறிவுரை. பெட்டி உள்ளே வருமுன் ஓனர் கையெழுத்தோடு ஒரு தாள் வாங்குங்கள்: வருபவர் பெயர், எந்தத் தேதியிலிருந்து, குடியிருப்பா உள்வாடகையா, வாடகைக்கு யார் பொறுப்பு. உடனே முடியாவிட்டால் இவ்வளவையும் மெசேஜில் அனுப்பி, "சம்மதம்" என்று பதிலாவது வாங்கிவையுங்கள். வருபவரிடம் தனியாக அட்வான்ஸ் வாங்குங்கள். மூன்று மாத வாடகைங்க, மூன்று மாதம்! இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.