வெறும் தண்ணீரா, உப்புப் போட்ட மோரா?

மே மாத வெயிலில் கான்கிரீட் போடும் நாளில் ஒரு சித்தாளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை போவது சாதாரணம். அந்த ஒரு லிட்டரில் சுமார் 1 கிராம் சோடியம், அதாவது இரண்டரை கிராம் உப்பு. ஆறு மணி நேரத்தில் 6 லிட்டர் நீரோடு 15 கிராம் உப்பும் போய்விடும்.

வெறும் தண்ணீர் நீரை மட்டுமே ஈடுகட்டும். உப்பில்லாமல் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போகும். மிச்ச நீரைச் சிறுநீரகம் தள்ளிவிடாதா? வெயிலில் உழைக்கும்போது நீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோன் அதிகம் சுரப்பதால் முழுதாகத் தள்ளாது. தாகம் அடங்கியும் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தால், தலைவலியும் குமட்டலும் வந்தால் உப்புக் குறைவைச் சந்தேகிக்கலாம். நாக்கு வறண்டு, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் நீர்க்குறைவு. பெரும்பாலும் இரண்டும் கலந்தே வரும்.

நீர்மோரில் லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்புப் போட்டால் வியர்வையில் போகும் அளவுக்கு ஏறக்குறைய சரியாக வரும். ஆனால் நாள் முழுக்க மோரே குடிக்க வேண்டியதில்லை. காலையில் உப்புப் போட்ட பழைய சோறும் ஊறுகாயும் சாப்பிட்டவருக்குப் பாதி உப்பு மோர், பாதி தண்ணீர் போதும். ஓரிரு மணி நேர வேலைக்குத் தண்ணீரே தாராளம். ரத்தக் கொதிப்புக்காரர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

வேலைக்குப் புதிதாக வந்தவருக்குத்தான் மோர் அதிகம் தேவை. வெயில் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை அவர் வியர்வையில் உப்பு கூடுதலாகப் போகும்.

பேச்சு குழறினால் தண்ணீர், மோர் இரண்டுமே வேண்டாம். உடம்பை நனைத்து, விசிறியபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.