கல்சட்டிப் படத்தை மட்டும் காட்டிப் பணம் கட்டாதீர்கள்: அளவு, வாங்கிய இடம், விலை மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்

உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கல்சட்டிப் படம் போட்டிருந்தார். கீழே எழுதியிருந்தது இவ்வளவுதான்: "கல்சட்டி வாங்கியாச்சு, 1,800 ரூபாய், அருமையா இருக்கு." அதே குழுவில் இருந்த இன்னொருவர் அந்தப் படத்தை இணையத்தில் பாத்திரம் விற்கும் ஒருவருக்கு அனுப்பி, "இதே மாதிரி வேணும்" என்று கேட்டார். "இதேதான் மேடம், எட்டு இன்ச், 1,800, கூரியர் தனி" என்று பதில் வந்தது. பணம் போய்ச் சேர்ந்தது. ஐந்தாம் நாள் வந்த சட்டியில் இரண்டு பேருக்குக்கூடச் சாம்பார் வைக்க முடியவில்லை.

கேட்டதற்கு விற்றவர் சொன்ன பதிலைக் கவனியுங்கள்: "எட்டு இன்ச் சரியாத்தானே இருக்கு, அளந்து பாருங்க." அளந்தால் எட்டு இன்ச் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் ஒரு காதின் நுனியிலிருந்து மறு காதின் நுனி வரை. காது இரண்டையும் கழித்தால் உடல் 16 சென்டிமீட்டர். கல்லின் தடிமன் பக்கத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் போக, உள்வாய் 13 சென்டிமீட்டர். ஆழம் 6 சென்டிமீட்டர். விளிம்பு வரை ஊற்றினால் 600 மில்லி தண்ணீர் பிடிக்கிறது. முதல் படத்தில் இருந்த சட்டியோ உள்வாய் 20, ஆழம் 10, கொள்ளளவு ஏறத்தாழ 2.4 லிட்டர். விலை ஒன்றுதான், பொருள் கால்பங்கு.

இது எளிதாக நடப்பதற்குக் காரணம் உண்டு. மாக்கல்லில் கடைந்த சட்டி சிறியதானாலும் பெரியதானாலும் ஒரே வடிவம்தான்: உருண்ட அடி, தடித்த விளிம்பு, இரண்டு காது. வெறும் துணிமேல் வைத்துக் கிட்டத்தில் எடுத்தால் அரை லிட்டரும் மூன்று லிட்டரும் ஒன்றுபோலவே தெரியும். பக்கத்தில் நாணயம் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர் என்பது சரிதான், ஆனால் அது சட்டிக்கு முன்னால், கேமராவுக்கு அருகில் இருந்தால் பெரிதாகத் தெரியும், சட்டி சிறுத்துவிடும். பின்னால் வைத்தால் நேர்மாறு. அதனால் படம் அடையாளத்துக்கு, அளவு எழுத்துக்கு என்று பிரித்துக்கொள்வதே சரி.

கல்சட்டிக்கு எழுத வேண்டிய அளவு மூன்று. முதலாவது உள்வாய்: விளிம்பின் உள்ஓரத்திலிருந்து எதிர்ப்பக்க உள்ஓரம் வரை. "உள்வாய்" என்ற சொல்லையே எழுத வேண்டும். வெறுமனே "எட்டு இன்ச்" என்றால் மேலே சொன்ன கதைதான். இரண்டாவது ஆழம்: வாயின் குறுக்கே ஒரு நேரான குச்சியை வைத்து, அதன் அடிவிளிம்பிலிருந்து உள்ளே ஸ்கேலை இறக்கி நடு அடி வரை அளக்க வேண்டும். வெளியே நின்று உயரம் அளந்தால் அடிக்கல்லின் தடிமனும் சேர்ந்துவிடும், இரண்டு சென்டிமீட்டர் வரை ஏமாற்றும். மூன்றாவது கொள்ளளவு: ஒரு லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றி அளந்தால் கணக்கே வேண்டாம். அதிலும் "விளிம்பு வரை" என்றா, "பொங்காமல் சமைக்க" என்றா என்று சொல்ல வேண்டும். உள்வாய் 17 சென்டிமீட்டர் உள்ள சட்டியில் மேல் இரண்டு சென்டிமீட்டர் விட்டு ஊற்றினாலே சுமார் 450 மில்லி குறையும். கடைக்காரர் சொல்லும் "மூணாம் நம்பர்" போன்ற எண்ணை மட்டும் எழுதாதீர்கள், அது கடைக்குக் கடை மாறும்.

முடிந்தால் எடையையும் சேருங்கள். முதல் சட்டி சுமார் நான்கு கிலோ, வந்தது ஒன்றே முக்கால். கூரியர் ரசீதிலேயே எடை அச்சாகியிருக்கும். நான்கு கிலோ சட்டிக்கான பார்சல் இரண்டு கிலோ என்று அனுப்புதல் ரசீது வந்தால், பெட்டி வீட்டுக்கு வரும் முன்பே தெரிந்துவிடும்.

வாங்கிய இடத்தை "கும்பகோணத்தில்" என்று நிறுத்தினால் யாருக்கும் பயனில்லை. கோயில், தெரு, கடைப்பெயர், வாங்கிய மாதம், ஆண்டு, இவ்வளவும் ஒரே வரியில் அடங்கும். பழக்காத சட்டியா, கடையிலேயே பழக்கிக் கொடுத்ததா என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். புதுக் கல் சாம்பல் நிறத்தில் வெளிறி இருக்கும். எண்ணெயும் மஞ்சளும் தடவி, கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்கிய பிறகுதான் கறுக்கும். இரண்டு வருடம் புழங்கிய கறுப்புச் சட்டியின் படத்தைப் பார்த்து வாங்கியவர், வெளிறிய சட்டி வந்ததும் மோசம் போனோம் என்று நினைப்பார். அங்கே தவறு விற்றவருடையதல்ல, படத்துக்குக் கீழே ஒரு சொல் இல்லாததுதான்.

விலையில் மூன்றைப் பிரியுங்கள்: சட்டிக்கு எவ்வளவு, மூடிக்கு எவ்வளவு, கூரியருக்கு எவ்வளவு. எண்ணோடு எழுத்திலும் எழுதினால் ஒரு சுழியம் விடுபட்டாலோ கூடினாலோ உடனே பிடிபடும். மாதிரி இப்படி:

"மாக்கல் சட்டி, பழக்காதது. உள்வாய் 20 செ.மீ. (சுமார் 8 அங்குலம்), ஆழம் 10 செ.மீ., விளிம்பு வரை 2.4 லிட்டர், எடை 4 கிலோ. கும்பகோணம், கும்பேசுவரர் கோயில் கடை வரிசையில், (கடைப்பெயர்), (மாதம், ஆண்டு). ரூ. 1,800, ஆயிரத்து எண்ணூறு, மூடி இல்லாமல், நேரில் வாங்கியது."

இதைப் படத்தின் மேல் எழுதாமல் பக்கத்தில் எழுத்தாகவே போடுங்கள். அப்போதுதான் தேடினால் கிடைக்கும், அப்படியே எடுத்து விற்பவருக்கு அனுப்பலாம். ஒரு குறை உண்டு: படத்தைச் சேமித்து மறுபடி அனுப்பும்போது கீழே இருந்த வரி கூட வராது. அதனால் உள்வாயும் ஆழமும் மட்டும் எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தைச் சட்டியின் காதில் சாய்த்து வைத்துப் படம் எடுங்கள். விலையைக் காகிதத்தில் எழுத வேண்டாம். ஆறு மாதத்தில் விலை பழசாகிவிடும், படம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

வாங்குபவர் செய்ய வேண்டியதும் இதே வரிதான். "இதே மாதிரி" என்று படத்தை அனுப்பாமல், "உள்வாய் 20, ஆழம் 10, காது சேர்க்காமல், சரியா?" என்று எழுதிக் கேட்டு, "ஆம்" என்ற பதில் எழுத்தில் வந்த பிறகே பணம் அனுப்புங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. பெட்டியைத் திறக்கும்போது வாயின் குறுக்கே ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். அளவு வேறாக இருந்து விற்றவர் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே புகார் சொல்லும்போது கையில் இருக்க வேண்டியது எழுதிக் கேட்ட அந்த வரியும், அதற்கு வந்த பதிலும், ஸ்கேலோடு எடுத்த படமும். மேலே சொன்னவரிடம் இருந்ததோ ஒரு படம், "இதேதான் மேடம்" என்ற பதில், எட்டு இன்ச் என்ற அளவு. அந்த அளவும் பொய்யில்லை. பணம் திரும்பவில்லை.

ஏற்கெனவே குழுவில் அளவில்லாமல் போட்ட பாத்திரப் படங்கள் இருந்தால், அதே படத்துக்குக் கீழே மறுமொழியாக இந்த வரியை இன்று எழுதிவிடுங்கள். சட்டி இன்னும் வீட்டில்தானே இருக்கிறது, அளக்க ஐந்து நிமிடம் போதும்.