கடவுச்சொல் கசிந்துவிட்டதென்று வந்த மின்னஞ்சல்

உப்புவெளியில் நாலு அறையோடு ஒரு சின்ன விடுதி நடத்துகிறேன். சீசன் நேரம், இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மின்னஞ்சல் வந்தது. என் கடவுச்சொல் கசிந்துவிட்டதாம், 24 மணி நேரத்துக்குள் மாற்றாவிட்டால் மின்னஞ்சல் கணக்கை முடக்கிவிடுவார்களாம்.

இப்படி வருவதை நான் திறப்பதேயில்லை. ஆனால் இதில் என் கடவுச்சொல்லே இருந்தது, கடைசி இரண்டு எழுத்தை மட்டும் மறைத்து! சில வருடங்களுக்கு முன் பாவித்தது. எப்போதோ ஏதோ ஒரு தளத்தில் கசிந்த பட்டியல் கைமாறி வந்திருக்கிறது. அதெல்லாம் பிறகு தெரிந்த கதை. அன்றைக்குப் பயம்தான் முந்தியது.

லிங்கைத் தட்டினேன். வழக்கமாகப் போன் தானே நிரப்பிவிடும் கடவுச்சொல் அன்று நிரம்பவில்லை. அந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும். சேமித்த முகவரியும் திறந்த முகவரியும் வேறாக இருந்தால் போன் நிரப்பாது. நானோ அலுத்துக்கொண்டு கையால் அடித்தேன். அதுவரை பாவித்த கடவுச்சொல், புதியது, பிறகு போனுக்கு வந்த ஆறு இலக்க எண். முகவரி இந்த மாதிரி இருந்தது (பெயரை மாற்றியிருக்கிறேன்):

```
https://mymail.com.reset-help.example/login
```

முன்னால் இருக்கும் பெயரைப் பார்த்து ஏமாந்தேன். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருப்பதுதான் உண்மையான சொந்தக்காரர்.

அடுத்த நாள் புதிய கடவுச்சொல் வேலை செய்யவில்லை, பழையதுதான் வேலை செய்தது. சேமிக்க மறந்துவிட்டேன் போல என்று விட்டுவிட்டேன். அந்தப் பக்கம் எதையுமே மாற்றவில்லை. என் பழைய கடவுச்சொல்லையும் எண்ணையும் வாங்கி, அப்போதே என் கணக்குக்குள் போய்விட்டார்கள். கடவுச்சொல்லை மாற்றினால் நான் உஷாராகிவிடுவேனே!

இரண்டு கிழமை கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குடும்பத்துக்காரர் போன் எடுத்தார்.

"அண்ணா, முற்பணம் 18,000 போட்டிட்டன், கிடைச்சதோ?"

"எந்தக் கணக்குக்குத் தம்பி?"

"நீங்கள் மெயிலில அனுப்பின புதுக் கணக்குக்குத்தான்."

எனக்குக் கை நடுங்கியது. உடனே கடவுச்சொல்லை மாற்றினேன், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றினேன். அப்படியும் முன்பதிவுக் கடிதங்கள் இன்பாக்ஸுக்கு வரவில்லை. அக்காவின் மகன்தான் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தான். 'booking' என்ற சொல் உள்ள கடிதமெல்லாம் யாரோ ஒருவரின் முகவரிக்குப் போய், என் இன்பாக்ஸிலிருந்து மறையும்படி ஒரு ஃபில்டர் போட்டிருந்தார்கள். கடவுச்சொல்லை மாற்றினாலும் அது அழியாது. கையால்தான் அழிக்க வேண்டும். மீட்பு எண்ணையும் மீட்பு மின்னஞ்சலையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

அந்தக் குடும்பத்திடம் திரும்பக் காசு கேட்க மனம் வரவில்லை, நான் பொறுத்துக்கொண்டேன். எங்களிடம் அறை பதிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால்: எங்கள் வங்கிக் கணக்கு மாறவேயில்லை. புதுக் கணக்கு எண்ணோடு கடிதம் வந்திருந்தால் காசு போடாமல், ஏற்கெனவே உங்களிடம் உள்ள எண்ணுக்கு ஒரு போன் எடுங்கள்.