மூன்று மழைக்காலம், ஒரு வானிலை ஆப்: தாம்பரம் முதல் திண்டிவனம் வரை

சனிக்கிழமை வேலை முடிந்ததும் தாம்பரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பைக்கில் கிளம்பிவிடுவேன். மூன்று வருடமாக, கிளம்பும் முன் வானிலை ஆப்பைத் திறந்து பார்ப்பதும் பழக்கமாகிவிட்டது. முதல் வருடம் அதைத் தப்புத்தப்பாகத்தான் படித்திருக்கிறேன்.

ஆப்பில் மணிவாரியாக நிற்கும் பட்டைகளில்தான் முதலில் ஏமாந்தேன். உயரமான பட்டை என்றால் பெருமழை என்று நினைத்தேன். என் ஆப்பில் பட்டையின் உயரம் மழைக்கான வாய்ப்பு மட்டுமே. எவ்வளவு பெய்யும் என்பது கீழே பொடி எழுத்தில் மில்லிமீட்டராக இருக்கும். ஒருநாள் 80% என்று பார்த்துப் பயணத்தையே விட்டேன், கீழே 0.3 மி.மீ. என்று இருந்ததைக் கவனிக்கவில்லை. அன்று சட்டைகூட நனையாத தூறல். இன்னொரு நாள் 30%, 6 மி.மீ. முப்பதுதானே என்று கிளம்பி, படாளம் தாண்டுவதற்குள் தொப்பலாகிவிட்டேன். 30% என்பதற்கு இதுபோன்ற பத்து நாளில் மூன்று நாள் மழை வரும் என்றுதான் பொருள். வந்தால் சாரலா, கொட்டித் தீர்க்குமா என்பதை அந்த எண் சொல்லாது. போதாக்குறைக்கு நான் பார்த்தது தாம்பரத்தின் பட்டைகளை. நனைந்த இடம் நாற்பது கிலோமீட்டருக்குமேல் தள்ளி. இப்போது மதுராந்தகத்தையும் ஆப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

பட்டைகள் கணினி மாதிரியின் கணிப்பு. ரேடார் படமோ ஏற்கெனவே வானத்தில் இருக்கும் மழைத்துளிகளில் பட்டுத் திரும்பிய எதிரொலி. அதனால் கிளம்புகிற கடைசி ஒரு மணி நேரத்தில் ரேடாரைத்தான் நம்புகிறேன். ஆனால் நகரும் படத்தில் நேரம் காட்டும் கோடு 'இப்போது' என்பதைத் தாண்டிவிட்டால் அதுவும் கணிப்புதான். நிறம் மாறாததால் ஸ்கிரீன்ஷாட்டில் இது தெரியவே தெரியாது.

நேரத்தைப் பார்க்கக் கற்றது மச்சான் புண்ணியத்தில். ஒரு செப்டம்பர் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரேடார் படம் அனுப்பினார். மூலையில் 11:00 UTC. "காலையில எடுத்த படத்தை இப்ப அனுப்புறீங்களே மச்சான்" என்றேன். "அது உலகப் பொது நேரம், அஞ்சரை மணி நேரம் கூட்டிப் பாருங்க" என்றார். மாலை 4:30! அப்போது மணி 4:40.

படத்தில் வந்தவாசிமேல் சிவப்புத் திட்டு. அரை மணிக்கு முந்தைய படத்தையும் கேட்டு வாங்கினேன். ஒற்றைப் படத்தில் மேகம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாதே. அந்த மாதங்களில் இடிமழை பெரும்பாலும் மேற்கே உருவாகிக் கடலைப் பார்த்து வரும். இதுவும் அரை மணியில் கிழக்கே சுமார் 12 கி.மீ. நகர்ந்திருந்தது, மணிக்கு 24. வந்தவாசியிலிருந்து மதுராந்தகம் நேர்க்கோட்டில் 30 கி.மீ. அப்படியானால் 5:45 வாக்கில், நான் போகும் ஜி.எஸ்.டி. சாலையை அங்கே தொடும். நான் உடனே கிளம்பினாலும் அங்கே போய்ச் சேர அதே நேரம்தான் ஆகும். திட்டின் அகலம் 15 கி.மீ. இருக்கும், கடந்துபோக நாற்பது நிமிடம். ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பினேன். மதுராந்தகத்தில் சாலை ஈரம், ஓரமெல்லாம் தண்ணீர், தலைக்குமேல் மழை இல்லை.

நிறங்களைப் பற்றி ஒன்று. அளவுகோலில் 30, 40, 50 என்று dBZ எண்கள் இருக்கும், திரும்பிவந்த எதிரொலியின் வலிமை அது. சீரான படிகள் போலத் தோன்றும், ஆனால் பத்து ஏறினால் மழையின் வேகம் நாலு மடங்கு. 30 என்றால் மணிக்கு இரண்டு மூன்று மி.மீ., ரெயின்கோட்டோடு ஓட்டலாம். 40க்குப் பத்துக்குமேல். 50 என்றால் ஐம்பதை நெருங்கும். ஹெல்மெட் கண்ணாடியில் எதுவும் தெரியாது. ஒரு ஆப்பின் மஞ்சளும் இன்னொன்றின் மஞ்சளும் ஒரே எண்ணாக இருக்காது. அளவுகோலை வெட்டிவிட்டு அனுப்பும் படத்தை நான் பார்ப்பதில்லை.

இந்தக் கணக்கும் கவிழ்ந்திருக்கிறது. போன வருடம் இதேபோல் தூரம், வேகம் எல்லாம் பார்த்து, திட்டு வருவதற்குள் தாண்டிவிடலாம் என்று கிளம்பினேன். சிங்கப்பெருமாள் கோவில் அருகே திடீரென்று குளிர்ந்த காற்று, புழுதி. பழைய மேகத்திலிருந்து இறங்கிய குளிர்காற்று முன்னே ஓடிவந்து, வெப்பக் காற்றை மேலே தள்ளிப் புது மேகத்தைக் கிளப்பிவிட்டது. இரண்டு படத்திலும் இல்லாத மழை அது. டீக்கடைக் கூரையடியில் ஒதுங்கி மறுபடி ரேடாரைத் திறந்தேன். எனக்கு நேர்மேலே அப்போதுதான் ஒரு பச்சைப் புள்ளி முளைத்திருந்தது.