ஃபுளோரைடு நீரும் இரண்டு வயதுக் குழந்தையும்: ஆர்.ஓ.வா, அலுமினா வடிகட்டியா?

போர்வெல் நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு இருப்பதாகப் பரிசோதனை சொல்கிறது. வீட்டில் 12 கிலோ எடையுள்ள இரண்டு வயதுக் குழந்தை. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். ஆனால் சின்னக் குழந்தைக்கு எடையை வைத்தும் பார்க்க வேண்டும். கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் என்று வைத்தால், இந்தக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 1.2 மில்லிகிராம் வரை தாங்கும். கஞ்சிக்கும் பால் கரைக்கவும் ஊற்றும் நீரையும் சேர்த்து ஒரு லிட்டர் உள்ளே போனால் 3 மில்லிகிராம், அதாவது இரண்டரை மடங்கு. 1.5 உள்ள நீர்கூடக் கொஞ்சம் மீறிவிடுகிறது. அதனால் 1-க்குக் கீழே கொண்டுவருவதையே இலக்காக வைப்பேன்.

நிரந்தர முன்பற்களின் எனாமல் ஈறுக்குள் உருவாகும் வயது இது. பாதிப்பு வெளியே தெரிவதோ ஆறேழு வயதில் அந்தப் பல் முளைக்கும்போதுதான். இரு பக்கமும் ஒரே மாதிரி, பல்லின் குறுக்கே சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளைக் கோடுகள் இருக்கும். அதன்பின் நீரை மாற்றினாலும் அவை போகாது. பல வருஷம் இதே நீரைக் குடித்தால் முதுகும் மூட்டுகளும் இறுகும். கால்சியம் போதாத பிள்ளைகளுக்குக் கால் வளையவும் செய்யும்.

கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகி, மிச்ச நீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். யு.வி. கருவியும் கிருமியைக் கொல்லுமே தவிர இதைத் தொடாது.

ஆர்.ஓ. சவ்வு நல்ல நிலையில் இருந்தால் சுமார் 90 சதவீதத்தை நீக்கும். 3 என்பது 0.3 ஆகிவிடும். சரி, சிக்கல் எங்கே? ருசிக்காக வடிகட்டாத நீரைக் கலக்கும் டி.டி.எஸ். வால்வில். பாதிக்குப் பாதி கலந்தால் 1.65 ஆகிவிடும், வரம்பைத் தாண்டியாயிற்று. நீரோ ருசியாகவே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. வால்வை முழுதாக மூடச் சொல்லுங்கள். கழிவு நீரில் ஃபுளோரைடு செறிந்திருக்கும், அதைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

அலுமினா வடிகட்டியில் உள்ள குருணைகள் ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மின்சாரம் வேண்டாம், நீரும் வீணாகாது. ஆனால் காரத்தன்மை கூடிய நீரில் அதன் பிடிப்பு குறையும். ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீர் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். குருணைகள் நிறைந்ததும் ஃபுளோரைடு சத்தமில்லாமல் வெளியே வரத் தொடங்கும். நிறம், மணம், ருசி எதுவும் காட்டிக்கொடுக்காது. காரம், அமிலம் விட்டுக் குருணைகளைப் புதுப்பிக்க ஆள் வேண்டும்.

ஒரு வீட்டுக்கு என்றால் என் தேர்வு வால்வு மூடிய ஆர்.ஓ. பரிசோதிக்கவும் புதுப்பிக்கவும் பொறுப்பான ஆள் உள்ள பொது வடிகட்டிக்கு அலுமினா பொருந்தும். சுத்தமாகப் பிடித்து, கிருமி நீக்கிச் சேமிக்க இடமிருந்தால், குழந்தைக்கு மட்டும் மழைநீர் இரண்டையும் விட நல்லது. அதில் ஃபுளோரைடு மிகக் குறைவு.

எதை வாங்கினாலும் குழாயிலிருந்து வரும் நீரைச் சில மாதங்களுக்கு ஒருமுறை ஃபுளோரைடுக்கென்றே பரிசோதியுங்கள். டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், ஃபுளோரைடைத் தனியாகக் காட்டாது.