மறந்தால் எது தானே நிற்கும்? ராடு, அயர்ன் பாக்ஸ், கீசர்: ஓர் ஒப்பீடு

டெல்லியில் டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடியும்வரை காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கையில் குத்தும். கரோல் பாக், ராஜேந்தர் நகர் பக்கம் அறை எடுத்துப் படிக்கும் நம் பிள்ளைகள் அந்த ஆறு வாரத்துக்காகவே ஒரு இமர்ஷன் ராடு வாங்கிவிடுகிறார்கள். மயூர் விஹார், துவாரகா, ஆர்.கே. புரம் குடும்பங்களில் கீசர் இருக்கும். அயர்ன் பாக்ஸ் இரண்டு இடத்திலும் உண்டு. மூன்றும் செய்வது ஒரே வேலை, மின்சாரத்தைச் சூடாக மாற்றுவது. இவற்றை விலை, வாட், கரண்ட் பில் என்று ஒப்பிடுவதுதான் வழக்கம். இங்கே கேட்பது ஒரே கேள்வி: ஸ்விட்சை அணைக்க மறந்துவிட்டால், சூட்டை யார் நிறுத்துவார்கள்?

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளிவைக்க வேண்டும். "எம்.சி.பி. இருக்கிறது, ஏதாவது ஆனால் விழுந்துவிடும்" என்பார்கள். எம்.சி.பி. பார்ப்பது ஒயரில் ஓடும் கரண்டின் அளவை மட்டுமே. 1500 வாட் ராடு தண்ணீருக்குள் இருந்தாலும் சுமார் 6.5 ஆம்பியர்தான் இழுக்கும், காய்ந்துபோன வாளியில் சிவந்து கனன்றாலும் கிட்டத்தட்ட அதே 6.5 ஆம்பியர்தான். எம்.சி.பி.க்கு இரண்டும் ஒன்று. ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவு காப்பான் வேறு வகை. அது 30 மில்லிஆம்பியர் கசிந்தால் விழும், ஷாக்கிலிருந்து உயிரைக் காக்கும். ஆனால் கசிவே இல்லாமல் சூடேறும் பொருளை அதுவும் விட்டுவிடும். ஆகவே நிறுத்தும் பொறுப்பு அந்தச் சாதனத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

சாதாரண ராடில் அது இல்லை. உள்ளே நிக்ரோம் கம்பி, அதைச் சுற்றி மக்னீசியம் ஆக்ஸைடு தூள், வெளியே சுருளாக வளைத்த, நிக்கல் பூசிய செம்புக் குழாய், மேலே பிளாஸ்டிக் தலை, அவ்வளவுதான். தெர்மோஸ்டாட் கிடையாது. ராடின் சூட்டை வாங்கிக்கொண்டு அதைக் கட்டுக்குள் வைத்திருப்பது தண்ணீர் மட்டுமே. அதனால்தான் குழாயில் தண்ணீர் மட்டத்துக்குக் கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால், வெளியே தெரியும் சுருள் சில நிமிடங்களிலேயே சிவக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 18 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, 1500 வாட் ராடு, 12 டிகிரித் தண்ணீர். வாளி நிறைய இருந்தால் குளிக்கும் சூட்டுக்கு, அதாவது 45 டிகிரிக்கு, அரை மணி நேரம். மறந்துவிட்டால் கொதிக்க ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதன்பின் மணிக்கு இரண்டு லிட்டர் அளவில் ஆவியாகும். சுருள் வெளியே தெரிய இன்னும் மூன்று மணி நேரமாவது பிடிக்கும். யாராவது கவனித்துவிட வாய்ப்பு உண்டு.

ஆனால் அறையில் இருக்கும் பையன் பெரும்பாலும் வாளி நிறைய வைப்பதில்லை. சீக்கிரம் காய வேண்டும் என்று 8 லிட்டர் பிடிக்கிறான். அது வாளியில் ஒரு சாண் உயரம்கூட வராது. சுருளின் மேல் வளையத்துக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தால் பெரிது. அந்த 8 லிட்டர் நாற்பது நிமிடத்தில் கொதித்துவிடும். மேலே இருந்த ஒரு சென்டிமீட்டர், அதாவது அரை லிட்டர், அடுத்த கால் மணியில் ஆவியாகிவிடும். ஆக, ஸ்விட்ச் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் சுருள் காற்றில் நிற்கிறது. டீக்கடைக்குப் போய்ப் பேச்சில் உட்கார்ந்தாலே ஆகிற நேரம் அது.

இதிலும் மோசமானது வாளி. ராடு வாளி விளிம்பில் கொக்கியால் தொங்குகிறது. தண்ணீர் கொதிக்கும்போது மலிவான மறுசுழற்சிப் பிளாஸ்டிக் வாளி இளகி ஒருபக்கம் வளையும். ராடு சாய்ந்து வாளியின் சுவரைத் தொடும், அல்லது வாளியே கவிழ்ந்து தண்ணீர் முழுக்க ஒரே நொடியில் போய்விடும். அப்போது மேலே சொன்ன நேரக் கணக்கெல்லாம் செல்லாது. சிவந்த சுருள் நேராகப் பிளாஸ்டிக்கின் மேல். பக்கத்தில் துண்டு, கதவு, பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தால் தீ பரவ அதுவே போதும். இரும்பு வாளி உருகாது என்பது உண்மைதான். ஆனால் ராடில் கசிவு இருந்து எர்த் சரியில்லை என்றால் வாளி முழுக்க ஷாக் அடிக்கும். ஒரு ஆபத்தை விற்று இன்னொன்றை வாங்குவது அது.

மின்தடையும் இதில் சேரும். ராடு போட்டதும் கரண்ட் போகிறது. சூடில்லாத தண்ணீரிலேயே முகம் கழுவிவிட்டு, ஸ்விட்ச் கீழே இருப்பதைப் பார்க்காமலே பூட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். கரண்ட் வந்ததும் ராடு வேலையைத் தொடர்கிறது, அறையில் ஆள் இல்லை. கரண்ட் போனால் முதலில் பிளக்கைப் பிடுங்குவது ஒன்றுதான் இதற்கு வழி, ஸ்விட்சை அணைத்தோமா என்ற நினைவை நம்பக் கூடாது.

அயர்ன் பாக்ஸில் தெர்மோஸ்டாட் உண்டு. அதனால் இது பத்திரமானது என்று தோன்றும். அந்தத் தெர்மோஸ்டாட் செய்வது சூட்டை ஒரு அளவில் பிடித்து வைப்பது மட்டும்தான், அணைப்பது இல்லை. ஒரு புள்ளியில் சுமார் 110 டிகிரி, இரண்டில் 150, மூன்றில் 200. பருத்தித் துணிக்கு மூன்று புள்ளி வைத்து மறந்தால், பெட்டி நாள் முழுக்க 200 டிகிரியில் உட்கார்ந்திருக்கும். நிமிர்த்தி வைத்தால் சூடு காற்றில் போய்விடும். படுத்த நிலையில் துணிமேல் கிடந்தால் போக வழியில்லை.

டெல்லியில் பலர் கட்டிலில் ரஜாயை மடித்துப் போட்டு அதன்மேல் தேய்ப்பார்கள். பஞ்சு நிரப்பிய ரஜாய் இதற்கு மிக மோசமான மேசை. துணி முதலில் பழுப்பாகும், பிறகு கருகும். கருகிய பஞ்சு சுடர் இல்லாமல் கங்காகவே உள்ளுக்குள் மெல்லப் பரவும், புகை முதலில் லேசாகத்தான் வரும். இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: பெட்டியை எடுத்துவிட்டு, மேலே தண்ணீர் தெளித்து, அணைந்தது என்று மடித்து வைத்த ரஜாய் சில மணி நேரம் கழித்துப் பற்றிக்கொள்ளலாம். கருகிய ரஜாயைப் பிளக் பிடுங்கியபின் வெளியே கொண்டுபோய், பிரித்து, உள்பஞ்சு நனையும்வரை ஊற்ற வேண்டும். அன்றிரவு அது வீட்டுக்குள் இருக்கக் கூடாது.

தெர்மோஸ்டாட்டும் பழுதாகும். அதன் தொடுமுனைகள் பொறி பறந்து பறந்து ஒருநாள் ஒட்டிக்கொண்டால் சூடு ஏறிக்கொண்டே போகும். சோதிப்பது எளிது. குறைந்த சூட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் சின்ன விளக்கு அணைந்து, பிறகு மீண்டும் எரிய வேண்டும். ஐந்து நிமிடமாகியும் அணையவில்லை என்றால் அந்தப் பெட்டியை அன்றே ஒதுக்கிவிடுங்கள். தானே அணையும் வகைகள் இப்போது கிடைக்கின்றன. அசைக்காமல் படுக்க வைத்தால் அரை நிமிடத்திலும் நிமிர்த்தி வைத்தால் எட்டு நிமிடத்திலும் அணைவது அவற்றில் பரவலான ஏற்பாடு. புதிதாக வாங்குகிறவர்கள் வேறெந்த வசதியையும் விட இதற்குப் பணம் கொடுக்கலாம்.

கீசரில் நிலைமை மாறுகிறது. 15 லிட்டர், 2000 வாட் கீசர் 12 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு 25 நிமிடத்தில் போய்த் தானே நிற்கும். தெர்மோஸ்டாட் தவறினால் அதற்கு மேல் கரண்டை வெட்டும் ஒரு கட்-அவுட், அதுவும் தவறினால் அழுத்தம் வெளியேற வால்வு. மேல்தொட்டி காலியானாலும் கீசருக்குள் தண்ணீர் அப்படியே இருக்கும். காரணம், சூட்டுநீர் தொட்டியின் மேற்பகுதியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது, குளிர்நீர் வழியில் திரும்பவிடாத வால்வும் இருக்கிறது. காய்ந்த கீசர் என்பது பெரும்பாலும் புதிதாக மாட்டிய அன்றோ, சர்வீஸுக்குத் தண்ணீரை வடித்த அன்றோ நடப்பது. அன்று சூட்டுக்குழாயைத் திறந்து, தண்ணீர் தடையில்லாமல் வந்தபிறகே ஸ்விட்ச்.

ஆகவே மறந்துபோன கீசரில் தீ பிடிக்கும் இடம் தொட்டி அல்ல, பிளக்கும் சாக்கெட்டும். 2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர். மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் 3000 வாட், 13 ஆம்பியர். வாடகை வீட்டுக் குளியலறையில் இருப்பது 6 ஆம்பியர் சாக்கெட்டாக இருக்கும், நடுவே ஒரு கன்வெர்ட்டரை மாட்டியிருப்பார்கள். தளர்ந்த தொடுமுனையில் 0.2 ஓம் தடை வந்தால் போதும், 8.7 ஆம்பியர் ஓடும்போது பட்டாணி அளவு இடத்தில் 15 வாட் சூடு பிறக்கும். சிறிய சால்டரிங் அயர்னின் சூட்டை நெருங்கும் அளவு அது. இதையும் எம்.சி.பி. கவனிக்காது. நாள் முழுக்க அணைக்காமல் விட்ட கீசர் அவ்வப்போது ஓடி ஓடி இதே இடத்தைச் சுட்டுக்கொண்டே இருக்கிறது.

இது முன்கூட்டியே தெரியும். மீன் அழுகியது போல ஒரு நாற்றம், சாக்கெட் துளையைச் சுற்றிப் பழுப்பு, பிளக் பின்னில் கருமை. பத்து நிமிடம் ஓடியபின் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி அதன் முகத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்க முடியவில்லை என்றால் சாக்கெட்டை மாற்ற வேண்டும். 16 ஆம்பியர் சாக்கெட், அதற்குத் தனி ஒயர், குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. இந்தச் செலவை வீட்டுக்காரரிடம் கேட்கத் தயங்க வேண்டாம், கெடுவது அவர் சுவர்தான். சூடேறும்போது வால்வில் சொட்டுவது இயல்பு. ஆனால் விளக்கு ஒரு மணி நேரமாக அணையாமல், குழாயில் ஆவி வந்தால் தெர்மோஸ்டாட் போய்விட்டது.

மூன்றையும் வைத்துப் பார்த்தால் எங்கள் தேர்வு தெளிவு: சாக்கெட் சரியாக உள்ள வீட்டில் 15 லிட்டர் கீசர். மறதியை மன்னிப்பதில் அதற்கு அடுத்தது தானே அணையும் அயர்ன் பாக்ஸ். சாதாரண ராடு கடைசி. கீசர் வைக்க முடியாத அறைக்காரர்கள் ராடுக்குப் பதில் 1.5 லிட்டர் கெட்டிலைப் பரிசீலிக்கலாம். கொதித்ததும் தானே அணையும். மூன்று முறை கொதிக்க வைத்து, வாளியில் முதலில் பத்தரை லிட்டர் பச்சைத் தண்ணீர் ஊற்றி அதில் கலந்தால் 15 லிட்டர் சுமார் 38 டிகிரியில் கிடைக்கும். மொத்தம் இருபது நிமிடம்தான், ராடுக்கு ஆகும் நேரத்தை விட அதிகமில்லை. 1500 வாட் கெட்டிலும் 6.5 ஆம்பியர் இழுக்கும், 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் மாட்ட வேண்டும்.

ராடுதான் என்றால், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் மூன்று பின் பிளக்கும் பார்த்து வாங்கி, 16 ஆம்பியர் டைமர் ஒன்றைச் சாக்கெட்டில் மாட்டி, அதில் ராடைச் சொருகுங்கள். வாளி நிறைய, டைமர் 30 நிமிடம். அணைந்ததும் பிளக்கைப் பிடுங்கி, கால் நிமிடம் பொறுத்து, அதன்பிறகே தண்ணீரில் கை வையுங்கள். போர்வெல் தண்ணீரில் ராடு மேல் வெள்ளைச் சுண்ணாம்பு படியும், அது தடித்தால் உள்ளே சூடு தேங்கிக் குழாய் வெடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிளக் பிடுங்கிய ராடின் சுருளை மட்டும் வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தெடுங்கள். குழாயில் வீக்கமோ கீறலோ தெரிந்தால் அதைத் தேய்க்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.